மாற்று மதிப்பு, கடன் மதிப்பு: பெரியதை எடுத்தால் விலை வருமா?

கேள்வி: “மாற்றத்தக்க கடன் பத்திரத்தின் மதிப்பு என்பது அதன் மாற்று மதிப்பு, சாதாரணப் பத்திர மதிப்பு இரண்டில் எது பெரியதோ அதுதான் என்று படித்தேன். ஆனால் சந்தையில் இந்தப் பத்திரங்கள் இரண்டையும் விட அதிக விலைக்குக் கைமாறுகின்றன. அப்படியானால் விதி தவறா, சந்தை தவறா? சாதாரணப் பத்திர மதிப்பைக் கணக்கிட எந்த வட்டி விகிதத்தை எடுப்பது?”

விதியும் சரி, சந்தையும் சரி. இரண்டில் பெரியது என்பது முதிர்வு நாளன்று மட்டும்தான் விலையாக இருக்கும். அதற்கு முந்தைய நாள்களில் அது ஒரு கீழ்வரம்பு. விலை அதற்கு மேலே எங்காவது நிற்கும். எவ்வளவு மேலே என்பதும், அந்தக் கீழ்வரம்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும்தான் மதிப்பீட்டு வேலையில் நேரத்தை எடுத்துக்கொள்பவை. கடன் பத்திரங்களை மதிப்பிடும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், உறுதியாகச் சொல்லக்கூடியது எது, ஊகத்தில் நிற்பது எது என்று பிரித்துச் சொல்கிறேன். கற்பனை எண்களை விட உண்மையான ஒரு பத்திரம் நன்றாக விளங்கும் என்பதால் அமெரிக்காவின் டெஸ்லா நிறுவனம் 2014-இல் வெளியிட்ட பத்திரத்தை எடுத்துக்கொள்கிறேன். அது பிறந்து, வாழ்ந்து, முதிர்ந்தும் விட்டது; எனவே முழுக் கதையையும் பார்க்க முடியும்.

2014 மார்ச்சிலும் ஏப்ரலிலுமாக டெஸ்லா, 2019 மார்ச் 1 அன்று முதிரும் மாற்றத்தக்க பத்திரங்களை வெளியிட்டு 92 கோடி டாலர் திரட்டியது. ஒரு பத்திரத்தின் முகமதிப்பு 1,000 டாலர். வட்டி ஆண்டுக்கு வெறும் 0.25 சதவீதம், அதாவது ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒன்றேகால் டாலர். இந்த அற்ப வட்டிக்குச் சம்மதித்தவருக்குக் கிடைத்தது ஓர் உரிமை: பத்திரத்தைக் கொடுத்துவிட்டு அதற்குப் பதில் 2.7788 பங்குகளுக்கு உரிய மதிப்பைப் பெறலாம். 1,000-ஐ 2.7788-ஆல் வகுத்தால் 359.87 வரும். அதுதான் மாற்று விலை. விலை நிர்ணயித்த நாளில் டெஸ்லா பங்கு 252.54 டாலரில் முடிந்திருந்தது. மாற்று விலை அதைவிட 42.5 சதவீதம் அதிகமாக வைக்கப்பட்டது. (பிற்பாடு 2020-லும் 2022-லும் பங்குப் பிரிப்பு நடந்ததால் இன்றைய விலை வரைபடங்களில் இந்த எண்களைக் காண முடியாது. நான் தருபவை அன்றைய விலைகள்.)

முதல் கணக்கு எளிது. மாற்று மதிப்பு என்பது பங்கு விலையை மாற்று விகிதத்தால் பெருக்கிய தொகை. 252.54-ஐ 2.7788-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 702 டாலர். இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. பங்கு விலை திரையில் தெரிகிறது, விகிதம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. பங்குப் பிரிப்போ போனஸ் பங்கோ நடந்தால் விகிதம் மாறும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது.

இரண்டாவது கணக்கு அவ்வளவு எளிதல்ல. மாற்றும் உரிமையே இல்லை, இது வெறும் கடன் பத்திரம் என்று வைத்துக்கொண்டால் அதன் மதிப்பு என்ன? இதை இனி கடன் மதிப்பு என்று சுருக்கமாகச் சொல்கிறேன். ஐந்து ஆண்டுகளில் வரப்போகும் பத்து வட்டித் தவணைகளையும், கடைசியில் வரும் 1,000 டாலரையும் ஒரு விகிதத்தில் தள்ளுபடி செய்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். ஆண்டுக்கு 4.9 சதவீதம், அதாவது அரையாண்டுக்கு 2.45 சதவீதம் என்று எடுத்தால், ஐந்து ஆண்டு கழித்து வரும் 1,000 டாலரின் இன்றைய மதிப்பு 785. பத்துத் தவணைகளும் சேர்ந்து 11 டாலர்தான். மொத்தம் 796.

ஆக வெளியீட்டு நாளில் மாற்று மதிப்பு 702, கடன் மதிப்பு 796. பெரியது 796. ஆனால் வாங்கியவர்கள் கொடுத்தது 1,000. மிச்சம் 204 டாலர் எங்கே போனது? மாற்றும் உரிமைக்கான விலையாகப் போனது. பங்கு இன்று 252 டாலரில் இருந்தாலும், ஐந்து ஆண்டுக்குள் 359.87-ஐத் தாண்டி 500, 600 என்று போகலாம். போனால் லாபம் பத்திரக்காரருக்கும் உண்டு. போகாவிட்டால் 1,000 டாலர் திரும்பி வரும். இப்படி ஒரு பக்கம் மட்டும் திறந்திருக்கும் வாய்ப்புக்கு, மாற்று மதிப்பு இன்று தாழ்வாக இருந்தாலும், விலை உண்டு. “இரண்டில் பெரியது” என்ற விதி இன்றைய நிலையை மட்டும் பார்க்கிறது. பங்கு நாளை நகரக்கூடும் என்பதை அது கணக்கில் கொள்வதே இல்லை. அதனால்தான் முதிர்வு நாளில், நகர நாளே மிச்சமில்லாதபோது மட்டும் அது துல்லியமாகிறது.

204 டாலர் அதிகமா, நியாயமா? அதை அளக்க ஆப்ஷன் கணக்கு, அதாவது குறித்த விலையில் பங்கை வாங்கும் உரிமைக்கு விலை போடும் கணக்கு வேண்டும். ஐந்து ஆண்டுக் காலம், 359.87 டாலர் மாற்று விலை, அன்றைய அமெரிக்க அரசுப் பத்திர வட்டி ஏறத்தாழ ஒன்றரை சதவீதம், டிவிடெண்ட் இல்லை என்று வைத்து, வழக்கமான பிளாக்–ஷோல்ஸ் சூத்திரத்தில் போட்டால், பங்கின் ஆண்டு ஏற்ற இறக்கம் 30 சதவீதம் என்று நினைப்பவருக்கு 2.7788 பங்குகளுக்கான உரிமை சுமார் 119 டாலர் பெறும். 40 சதவீதம் என்பவருக்கு 181. 45 சதவீதம் என்பவருக்கு 212. எனவே 204 கொடுத்தவர், தெரிந்தோ தெரியாமலோ, டெஸ்லா பங்கு ஆண்டுக்குச் சுமார் 44 சதவீத ஏற்ற இறக்கத்தோடு நடக்கும் என்பதற்கு விலை கொடுத்திருக்கிறார். அன்றைய டெஸ்லாவுக்கு இது ஒன்றும் மிகையான எதிர்பார்ப்பு அல்ல என்பது என் கருத்து. இந்தச் சூத்திரம் இங்கே தோராயமானதுதான். மாற்றும்போது நீங்கள் ரொக்கம் எதுவும் கட்டுவதில்லை, பத்திரத்தையே விட்டுக்கொடுக்கிறீர்கள். அந்தப் பத்திரத்தின் மதிப்பும் நாளுக்கு நாள் மாறுவது. ஆனால் அளவு எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்று காட்ட இது போதும்.

இனி நீங்கள் கேட்ட வட்டி விகிதம். கொள்கை தெளிவானது: அதே நிறுவனம், அதே நாளில், அதே காலத்துக்கு, அதே முன்னுரிமை வரிசையில், மாற்றும் உரிமை இல்லாமல் கடன் வாங்கினால் என்ன வட்டி கொடுக்க வேண்டியிருக்கும்? அந்த விகிதம்தான். பத்திரத்தில் அச்சிட்டிருக்கும் 0.25 சதவீதத்தை எடுக்கக்கூடாது. அதை எடுத்தால் கடன் மதிப்பு சரியாக 1,000 என்று வரும், உரிமை இலவசம் என்று ஆகிவிடும். அரசுப் பத்திர வட்டியையும் எடுக்கக்கூடாது. டெஸ்லா அமெரிக்க அரசு அல்ல.

கொள்கை தெளிவு, நடைமுறை அப்படியல்ல. 2014-இல் டெஸ்லாவுக்குச் சந்தையில் சாதாரணப் பத்திரமே கிடையாது. அது முதன்முதலாகச் சாதாரணப் பத்திரம் வெளியிட்டது 2017 ஆகஸ்டில்தான்: 2025-இல் முதிரும் 180 கோடி டாலர், 5.3 சதவீத வட்டி. பெரும்பாலான மாற்றத்தக்க பத்திரங்களின் நிலைமை இதுதான். சாதாரணக் கடனை மலிவாக வாங்க முடியாத, வளர்ந்துகொண்டிருக்கும் நிறுவனங்களே இந்த வழிக்கு அதிகம் வருகின்றன. அதனால் ஒப்பிட்டுப் பார்க்க அவற்றுக்கென்று வேறு பத்திரம் இருப்பது அரிது. அப்போது ஒரே கடன் தரத்தில் இருக்கும் பிற நிறுவனங்களின் பத்திரங்களைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. 2014 மே மாதத்தில் எஸ்&பி நிறுவனம் டெஸ்லாவுக்கு B- என்ற தரத்தைக் கொடுத்தது; முதலீட்டுத் தரத்துக்கு வெகு கீழே இருக்கும் படி அது. அதை வைத்துப் பார்த்தால் 4.9 சதவீதம் சற்றுத் தாராளமான விகிதம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 6 சதவீதம் என்று ஒருவர் வாதிட்டால் நான் மறுக்க மாட்டேன்.

அப்படி எடுத்தால் என்ன ஆகும் பாருங்கள். 6 சதவீதத்தில் கடன் மதிப்பு 755-ஆக இறங்குகிறது. 4 சதவீதம் என்றால் 832. இரண்டு சதவீதப் புள்ளி வேறுபாட்டில் கீழ்வரம்பு 77 டாலர் நகர்ந்துவிட்டது. அதோடு, கொடுத்த விலை 1,000 என்பது மாறாததால், உரிமைக்குக் கொடுத்ததாகக் கணக்காகும் தொகையும் மாறுகிறது. 6 சதவீதம் சரியென்றால் உரிமைக்கு 245 டாலர் போயிருக்கிறது. அதற்கு ஒத்துவரும் ஏற்ற இறக்கம் 44 அல்ல, 50 சதவீதத்தை ஒட்டி வரும். ஒரே விலை, இரண்டு தெரியாத எண்கள். நிறுவனத்தின் கடன் வட்டி என்ன, பங்கின் ஏற்ற இறக்கம் என்ன என்று இரண்டையும் ஒரே சந்தை விலையிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. யாராவது “இந்தப் பத்திரத்தில் உரிமை மலிவாகக் கிடைக்கிறது” என்று சொன்னால், கடன் மதிப்புக்கு என்ன வட்டி வைத்தீர்கள் என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. பல நேரங்களில் மலிவு என்பது குறைத்து வைத்த அந்த வட்டியிலிருந்து பிறந்ததாகவே இருக்கும். எனவே ஒற்றை விகிதத்தில் கணக்கை முடிக்காமல், நியாயமான தாழ்ந்த விகிதம் ஒன்றிலும் உயர்ந்த விகிதம் ஒன்றிலும் போட்டுப் பார்த்து, உங்கள் முடிவு இரண்டிலும் நிற்கிறதா என்று பாருங்கள்.

ஓர் ஆறுதல் உண்டு. முதிர்வு நெருங்க நெருங்க இந்த விகிதத் தகராறு தானாகவே சுருங்கிவிடும். அதற்கு அதே பத்திரத்தின் 2018 ஆகஸ்ட் 7-ஆம் நாளுக்கு வருவோம். நிறுவனத்தைப் பங்குச் சந்தையிலிருந்து விலக்கித் தனியார் நிறுவனமாக்க யோசிப்பதாகவும் பங்குக்கு 420 டாலர் தரப்படும் என்றும் எலான் மஸ்க் ட்விட்டரில் எழுதிய நாள் அது. பங்கு 379.57-இல் முடிந்தது. மாற்று மதிப்பு 1,055 டாலர். முதிர்வுக்கு ஏழு மாதத்துக்கும் குறைவான காலமே இருந்ததால் கடன் மதிப்பு 7 சதவீதத்தில் 964, 5 சதவீதத்தில் 975. விகிதம் இரண்டு புள்ளி மாறினாலும் கீழ்வரம்பு 11 டாலர்தான் அசைகிறது. தொடக்கத்தில் அதே வேறுபாடு 77 டாலர் அசைத்தது.

இப்போது மாற்று மதிப்பு பெரியதாகிவிட்டது. அப்படியானால் பத்திரம் 1,055 பெறுமா? இப்போதும் அதற்கு மேல்தான். பங்கு அங்கிருந்து 450-க்குப் போனால் பத்திரக்காரருக்கும் அந்த உயர்வு கிடைக்கும். 300-க்குச் சரிந்தால் பங்கு வைத்திருப்பவர் 300-இல் நிற்பார், பத்திரக்காரருக்கு 1,000 டாலர் உண்டு. அந்தப் பாதுகாப்புக்கு விலை இருக்கிறது. 964-ஐக் கடன் மதிப்பாகவும் 45 சதவீதத்தை ஏற்ற இறக்கமாகவும் வைத்து முன்பு போலவே போட்டால் மொத்தம் 1,130 டாலரைத் தாண்டி வருகிறது. டிவிடெண்ட் தராத பங்காக இருந்தால் மாற்று மதிப்பு பெரியதாகிவிட்டது என்பதற்காக உடனே மாற்றிக்கொள்வதில் பொருளில்லை என்பதற்கு இதுதான் காரணம். மாற்றிய கணத்தில், கணக்குப்படி 80 டாலர் பெறும் பாதுகாப்பு கைவிட்டுப் போகிறது. பணம் வேண்டுமென்றால் பத்திரத்தையே விற்பது மேல்.

இந்தப் பத்திரத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. மாற்று மதிப்பைப் பெருக்கிப் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்பவர்கள் கவனிக்கத் தவறுவது. 2018 டிசம்பர் 1-க்கு முன்னால் நினைத்தபோதெல்லாம் மாற்ற முடியாது. முந்தைய காலாண்டின் கடைசி 30 வணிக நாள்களில் 20 நாள்களாவது பங்கு, மாற்று விலையில் 130 சதவீதத்தை எட்டியிருக்க வேண்டும். அதாவது 468 டாலர். டெஸ்லா பங்கு அந்தக் காலத்தில் அந்த உயரத்தைத் தொடவே இல்லை. எனவே ஆகஸ்ட் 7 அன்று 1,055 என்பது தாளில் இருந்த எண். கையில் எடுத்துக்கொள்ளக் கூடியதாக இல்லை. இதை ஈடுசெய்ய ஒப்பந்தத்தில் வேறொரு பிரிவு இருந்தது: பத்திரத்தின் சந்தை விலை தொடர்ந்து ஐந்து வணிக நாள்கள் மாற்று மதிப்பில் 98 சதவீதத்துக்குக் கீழே கிடந்தால் மாற்றும் கதவு திறக்கும். இந்தப் பிரிவு இருப்பதால்தான் மாற்று மதிப்பு என்ற கீழ்வரம்பு நடைமுறையிலும் பெரும்பாலும் தாங்குகிறது. நீங்கள் மதிப்பிடும் பத்திரத்தின் ஒப்பந்தத்தில் இந்த இரண்டு பிரிவுகளும் என்ன சொல்கின்றன என்று தேடிப் படியுங்கள். நிறுவனம் பணத்தைக் கொடுத்துப் பத்திரத்தை முன்கூட்டியே திருப்பி அழைக்கும் உரிமை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். இருந்தால் மேலே சொன்ன ஏழு மாதப் பாதுகாப்பு போன்றவை திடீரென்று பறிபோகலாம், உரிமையின் விலையும் அதற்கேற்பக் குறையும்.

இங்கே இரண்டு கீழ்வரம்புகளும் ஒரே வகையானவை அல்ல என்பதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலான விளக்கங்களில் இரண்டும் அருகருகே ஒரே வரைபடத்தில் போடப்படுவதால் இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது. மாற்று மதிப்பு என்ற வரம்பைக் காப்பவர்கள் சந்தையில் லாபம் தேடுபவர்கள். மாற்ற அனுமதி இருக்கும் காலத்தில் பத்திரம் மாற்று மதிப்புக்குக் கீழே விற்றால், பத்திரத்தை வாங்கி, அதே அளவு பங்கைக் கடன் வாங்கி விற்று, பத்திரத்தை மாற்றி அந்தப் பங்கைத் திருப்பிக் கொடுத்து, இடைவெளியை எடுத்துக்கொள்வார்கள். அந்த வாங்குதலே விலையை மேலே தள்ளும். பங்கைக் கடன் வாங்கி விற்க முடியாமல் போனால் இந்தக் காவல் தளரும். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்த பிறகு அமெரிக்காவில் நிதி நிறுவனப் பங்குகளை அப்படி விற்பதற்குச் சில வாரங்கள் தடை வந்தது. அதே நேரத்தில் இந்தப் பத்திரங்களை அதிகம் வைத்திருந்த ஹெட்ஜ் ஃபண்டுகள் பணத்துக்காக விற்றுத் தள்ளின. கணக்கில் வந்த மதிப்புக்கு வெகு கீழே பத்திரங்கள் கைமாறின. வாங்கக் கையில் காசுள்ளவர் இல்லாதபோது எந்தக் கீழ்வரம்பும் வெறும் கோடுதான்.

கடன் மதிப்பு என்ற வரம்பை யாரும் அப்படிக் காப்பதில்லை. அதைத் தாங்குவது நிறுவனம் 1,000 டாலரைத் திருப்பித் தரும் என்ற நம்பிக்கை ஒன்றே. அந்த நம்பிக்கை பங்கு விலையோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது என்பதுதான் இதில் உள்ள பெரிய ஆபத்து. பாடங்களில் வரும் வரைபடத்தில் பங்கு விலை இடப்பக்கம் எவ்வளவு சரிந்தாலும் கடன் மதிப்பு ஒரு கிடைக்கோடாக நிற்கும். உண்மையில் அந்தக் கோடு இடப்பக்கம் போகப்போகக் கீழ்நோக்கி வளையும். பங்கு பாதியாகும் அளவுக்குத் தொழில் கெட்டிருந்தால், கடன் கொடுப்பவர்கள் பழைய 4.9 சதவீதத்துக்கு அந்த நிறுவனத்துக்குக் கடன் தரமாட்டார்கள். 10, 15 சதவீதம் கேட்பார்கள். பாதுகாப்பு எப்போது வேண்டுமோ அப்போதுதான் அது மெலிகிறது.

டெஸ்லாவிலேயே இதன் சாயல் தெரிந்தது. 2018 மார்ச் இறுதியில் மூடீஸ் நிறுவனம் அதன் கடன் தரத்தை B3-க்கு இறக்கியது. சொன்ன காரணங்களில் ஒன்று, அடுத்த ஓராண்டுக்குள் முதிரவிருந்த மாற்றத்தக்க பத்திரங்கள். அவற்றில் பெரியது நாம் பேசிக்கொண்டிருக்கும் 92 கோடி டாலர். பங்கு 359.87-க்கு மேலே நின்றிருந்தால் கடனில் ஒரு பகுதியையாவது பங்காகக் கொடுத்துத் தீர்க்க வழி இருந்திருக்கும். கீழே நின்றால் முழுத் தொகையும் ரொக்கமாக வேண்டும். பங்குச் சந்தை நிறுவனத்தை நம்பாத நேரத்தில்தான் ரொக்கம் கேட்டுக் கதவு தட்டப்படுகிறது.

டெஸ்லா அந்தச் சோதனையைத் தாண்டியது. 2018 இறுதியில் அதன் கையில் சுமார் 370 கோடி டாலர் ரொக்கம் இருந்தது. 2019 பிப்ரவரி 28 அன்று பங்கு 319.88-இல் முடிந்தது, மாற்று மதிப்பு 889 டாலர், முகமதிப்பு 1,000. மறுநாள் நிறுவனம் 92 கோடி டாலரையும் ரொக்கமாகவே கொடுத்துக் கணக்கை முடித்தது. இந்த ஒரு நாளில் மட்டும் நீங்கள் படித்த விதி அப்படியே பலித்தது: 889, 1,000 இரண்டில் பெரியது 1,000. வெளியீட்டில் வாங்கி இறுதிவரை வைத்திருந்தவர் ஐந்து ஆண்டுகளுக்கு 0.25 சதவீத வட்டியோடு வெளியேறினார். பங்கு 252-லிருந்து 320-க்கு ஏறியும் அவருக்கு அதில் ஒரு காசும் இல்லை. உரிமைக்குக் கொடுத்த 204 டாலர் முழுவதும் கரைந்தது என்று இதற்குப் பொருள்.

இந்தியாவில் எதிர்மாறான முடிவைக் காட்ட சுஸ்லான் எனர்ஜி இருக்கிறது. காற்றாலை தயாரிக்கும் அந்த நிறுவனம் வெளிநாட்டு நாணயத்தில் வெளியிட்டிருந்த மாற்றத்தக்க பத்திரங்களில் 20.9 கோடி டாலர் 2012 அக்டோபரில் முதிர்ந்தது. பங்கு மாற்று விலைக்கு எட்டாத தூரத்தில் விழுந்து கிடந்ததால் யாரும் மாற்றப் போவதில்லை, ரொக்கம்தான் வேண்டும். கூடுதலாக நான்கு மாத அவகாசம் கேட்டது நிறுவனம். பத்திரக்காரர்கள் மறுத்தார்கள். பணம் கொடுக்கப்படவில்லை. அந்தப் பத்திரத்துக்கு, வெளியிட்ட காலத்தின் வட்டி விகிதத்தில் கடன் மதிப்பைப் போட்டு “இதற்குக் கீழே போகாது” என்று கோடு இழுத்து வைத்திருந்தவருக்கு அந்தக் கோட்டால் எந்தப் பயனும் இருந்திருக்காது. மாற்று மதிப்பும் கடன் மதிப்பும் ஒன்றாகவே விழுந்தன. அதனால் கடன் மதிப்பை ஒவ்வொரு முறையும் அன்றைய நிலைமைக்கேற்ற வட்டியில் புதிதாகப் போட வேண்டும். பங்கு பெரிதாகச் சரிந்த பிறகு பழைய விகிதத்தைத் தொடர்வதுதான் இந்த மதிப்பீட்டில் நான் மற்றவர்களிடம் அதிகம் பார்க்கும் பிழை.

காலத்தின் விலை எவ்வளவு பெரியது என்று பார்க்க விரும்பினால், டெஸ்லா அதே சமயத்தில், அதே 359.87 மாற்று விலையில் வெளியிட்ட இன்னொரு பத்திரத்தைப் பாருங்கள். அது 138 கோடி டாலர், வட்டி 1.25 சதவீதம், முதிர்வு 2021 மார்ச் 1. வெளியீட்டு நாளில் இரண்டு பத்திரங்களுக்கும் மாற்று மதிப்பு ஒன்றேதான், 702 டாலர். ஏழு ஆண்டுக் காலம் என்பதால் இதன் கடன் மதிப்பு 6 சதவீதத்தில் 732 மட்டுமே. அதாவது உரிமைக்கு 268 டாலர். இரண்டில் பெரியது என்ற அளவுகோலை மட்டும் வைத்திருந்தால், நீண்ட பத்திரம் தாழ்ந்த கீழ்வரம்புள்ள மோசமான சரக்காகத் தெரிந்திருக்கும். நடந்தது வேறு. 2020 ஆகஸ்டில் பங்கு ஐந்தாகப் பிரிக்கப்பட்டதால் மாற்று விகிதம் 13.8940 ஆனது. அந்த ஆண்டின் கடைசி நாளில் பங்கு 705.67-இல் முடிந்தது. பெருக்கினால் ஒரு பத்திரத்தின் மாற்று மதிப்பு 9,800 டாலர். கூடுதலாகக் கிடைத்த இரண்டு ஆண்டுகள்தான் இதைச் செய்தன. இதை முன்கூட்டியே கணித்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. 2014-இல் யாராலும் கணித்திருக்க முடியாது. முடிவு தெரியாத நிலையில் அந்த இரண்டு ஆண்டுக்கு ஒரு விலை வைத்தாக வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன். மாற்று மதிப்பு 9,800-இல் நிற்கும்போது கடன் மதிப்பு 1,000-ஆ 990-ஆ என்ற கேள்விக்கே இடமில்லை. அந்த உயரத்தில் பத்திரம் பங்காகவே நடந்துகொள்ளும். நம் முழுக் கணக்கும் மாற்று மதிப்பு ஒன்றில் அடங்கிவிடும். இரண்டு மதிப்புகளும் அருகருகே இருக்கும் நடுப்பகுதியில்தான் இந்த ஒப்பீட்டுக்கும் அதற்கு மேல் கூட்ட வேண்டிய உரிமை விலைக்கும் உண்மையான வேலை இருக்கிறது.

இந்தியப் பத்திரங்களுக்கு இதே முறையைப் பயன்படுத்துவதாக இருந்தால் இரண்டு இடங்களில் கணக்கு மாறும். கட்டாயமாகப் பங்காக மாறும் டிபென்சர்கள் இங்கே அதிகம் புழங்குகின்றன. அவற்றில் அசல் திரும்பி வருவது என்பதே கிடையாது. எனவே 1,000 ரூபாயைத் தள்ளுபடி செய்து கடன் மதிப்பு போடக்கூடாது. வரவிருக்கும் வட்டித் தவணைகளின் இன்றைய மதிப்பையும், கடைசியில் கிடைக்கப்போகும் பங்குகளின் மதிப்பையும் கூட்டினால் போதும். சுஸ்லான் வெளியிட்டது போன்ற வெளிநாட்டு நாணயப் பத்திரங்களில் கடன் டாலரில், பங்கு ரூபாயில். மாற்றுவதற்கான டாலர்–ரூபாய் விகிதம் வழக்கமாக வெளியீட்டு நாளிலேயே ஒப்பந்தத்தில் பூட்டப்பட்டுவிடும். பங்குகளின் எண்ணிக்கையை அந்தப் பழைய விகிதத்தில் கண்டுபிடித்து, கிடைக்கும் ரூபாய் மதிப்பை இன்றைய விகிதத்தில் டாலராக்க வேண்டும். இடையில் ரூபாய் 20 சதவீதம் மதிப்பிழந்திருந்தால், பங்கு விலை அசையாமல் நின்றிருந்தாலும் டாலரில் மாற்று மதிப்பு அதே 20 சதவீதம் குறைந்திருக்கும்.